குளுக்கோமா: கண் உணராத இழப்பு, காகிதம் காட்டும் கணக்கு

குளுக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் செத்துப்போகும் நோய். கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இதைக் ‘கண்ணுல பிரஷர்’ என்று சொல்வார்கள். அது பாதி சரியான பெயர். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறி, கருவிழியின் ஓரத்தில் உள்ள நுண்ணிய சல்லடை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல; கண்ணின் உட்புறத்திலேயே ஓடி முடியும் நீர். தஞ்சோங் காராங் வயலில் மதகு பாதி அடைத்துக்கொண்டால் வரும் நீர் வழக்கம்போல் வந்தும் மட்டம் ஏறுவது போல, சல்லடை தேய்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலோருக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். 24 இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு. 16 இருந்தும் கெடுபவர்கள் உண்டு. எனவே நோய் என்பது நரம்பின் சேதம். அழுத்தம் அதற்குப் பெரிய காரணம். மருத்துவத்தால் மாற்றக்கூடியதென்று உறுதியான காரணமும் அது ஒன்றுதான். செத்த நரம்பிழை மறுபடி வளர்வதில்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை மூன்றும் அழுத்தத்தை இறக்கி, மிச்சம் இருக்கும் நரம்பைக் காப்பதற்கானவை.

இந்த நோயில் நோயாளியை ஏமாற்றுவது அவருடைய பார்வையே. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். சுவர் அட்டையில் கடைசி வரிவரை படித்துவிடுவார். இழப்பு பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலும், நடுப்புள்ளியை வளைத்துச் செல்லும் வில் போன்ற பகுதியிலும் தொடங்கும். அந்த இடம் கறுப்பாகத் தெரியாது. ஒரு கண்ணில் விட்டதை மறு கண் நிரப்பும். இரண்டிலும் விட்டதை மூளை சுற்றுப்புறத்தை வைத்து ஊகித்து நிரப்பும். அதனால் கீழ்ப்பரப்பு போனவர் வீட்டு வாசல் காவாயில் தடுக்கி விழுந்துவிட்டு முழங்காலைக் குறை சொல்வார். மேல்பரப்பு போனவர் செம்பனை மரத்தில் குலை தேடும்போது ஓலை முகத்தில் அடித்தால் வெளிச்சத்தைக் குறை சொல்வார். 1990களில் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பில், திறந்த கோணக் குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

நோய் தெரிந்த பிறகும் அதே சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது. சர்க்கரை மாத்திரை நின்றால் சில நாளில் உடம்பு சொல்லிவிடும். கண் சொட்டு நின்றால் எதுவும் சொல்லாது. மருந்து வேலை செய்யும்போதும் பார்வை கூடுவதில்லை. நோயாளி உணர்வதெல்லாம் எரிச்சலும் சிவப்பும்தான். பயன் ஆய்வுக் கணக்கில்தான் தெரிகிறது. சுவீடனில் நடந்த தொடக்கநிலைக் குளுக்கோமா ஆய்வில், அழுத்தத்தை ஒவ்வொரு மி.மீ. இறக்கும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஒரு பாதியினருக்கு லட்டானோபுரோஸ்ட் சொட்டும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். வெறும் சொட்டு போட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேருக்குப் பார்வைப் பரப்பு மேலும் சுருங்கியது. மருந்து போட்டவர்களில் 15 பேருக்கு. மருந்து எல்லாரையும் காப்பதில்லை என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. அதனால்தான் சொட்டோடு பார்வைப் பரப்புச் சோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கிறது.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயா, வடக்கே சபாக் பெர்ணம் வரை உள்ளவர்களுக்குக் கண் நிபுணரைப் பார்ப்பது நீண்ட பயணம். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, சுங்கை பூலோ, செலாயாங் ஆகியவையே பெரும்பாலும் போகுமிடங்கள். அரசு மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். மருந்துக்குத் தனிப் பணம் இல்லை. ஆகவே இங்கே தடையாக இருப்பது மருந்தின் விலை அல்ல. மகன் ஒரு நாள் வேலையை விட்டுக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்பதும், இரண்டு அப்பாயிண்ட்மென்ட்டுக்கு நடுவில் மருந்து தீர்ந்துபோவதும்தான் தடை. இரண்டாவதற்குச் சுகாதார அமைச்சில் ஒரு வழி உண்டு. ‘எஸ்.பி.யு.பி.’ என்ற ஒருங்கிணைந்த மருந்து விநியோக முறையில் பதிந்துகொண்டால், மீதி மாதங்களுக்கான மருந்தைத் தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள அரசு மருந்தகத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நிபுணர் எழுதும் சில சொட்டுகளை அங்கே முன்கூட்டியே தருவிக்க வேண்டியிருக்கும் என்பதால், பதியும் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் இருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்குவோர் குறைவு. மருந்துக் கவுண்ட்டரில் மலாயில் ஒரு வாக்கியம் சொல்லத் தயங்கியே பலர் அலைகிறார்கள். கூட வரும் பிள்ளைகள் அதைச் சொல்லிவிடலாம்.

சொட்டு போடுவது எளிதாகத் தோன்றினாலும், மருந்து வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கை கழுவியபின் உட்கார்ந்து அல்லது படுத்துக்கொண்டு, கீழிமையை விரலால் மெல்ல இழுத்து ஒரு சிறு பை போல ஆக்கி, அதில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். ஒரு சொட்டின் அளவே கண் தாங்கக்கூடியதற்கு மேல்தான். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். குப்பியின் நுனி இமையிலோ கண்ணிலோ படக் கூடாது. பட்டால் கிருமி ஏறும். அதன்பின் கண்ணைச் சிமிட்டாமல் மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் வடியும் துவாரம் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணில் தங்கும்; தொண்டைக் கசப்பும், ரத்தத்தில் கலந்து நெஞ்சையும் நுரையீரலையும் தொடுவதும் வெகுவாகக் குறையும். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கை நடுங்குபவர்கள் நெற்றியில் கையை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது வீட்டில் ஒருவர் போட்டுவிடலாம். அடுத்த முறை கிளினிக்கில் தாதியின் முன்னால் ஒரு சொட்டு போட்டுக் காட்டினால் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

குப்பியின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2.5 மில்லி லட்டானோபுரோஸ்ட் குப்பியில் ஏறத்தாழ 80 சொட்டுகள் இருக்கும். இரு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொரு சொட்டு என்றால் நாலு வாரத்துக்கு 56 சொட்டுகள். தவறி விழுவதற்கும் இடம் இருக்கிறது. திறந்து நாலு வாரம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். ஆக ஒரு வருடத்துக்கு 13 குப்பிகள். திறக்காத குப்பி குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், உறையும் தட்டில் அல்ல. திறந்ததை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். தகரக் கூரை வீட்டில் மத்தியான வெப்பம் அதைத் தாண்டிவிடும் என்பதால் அதற்கும் குளிர்பெட்டிக் கதவே பாதுகாப்பான இடம். வெயிலில் நிற்கும் காரிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைத்த மருந்தை நம்ப முடியாது.

தினமும் தவறாமல் போடுவது நினைவாற்றலைவிட இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. இரவு ஒரு முறை போடும் சொட்டை, எப்படியும் நடக்கும் ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும்: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்குவது, அல்லது இரவு மாத்திரை போடுவது. காலையில் டிமோலோல் போடுபவர்கள் பெரட்டுக்குக் கிளம்பும் முன் அல்லது பசியாறும்போது வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போட வேண்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரட்டையாகப் போடக் கூடாது. கோயில் திருவிழா, பிள்ளை வீட்டுப் பயணம், தீபாவளி என்று வழக்கம் கலையும் நாட்களில்தான் சொட்டு அதிகம் விடுபடுகிறது.

எவ்வளவு விடுபடுகிறது என்பது நோயாளிக்கே தெரிவதில்லை. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எப்போது திறக்கப்பட்டது என்பதைப் பதியும் கருவியைக் குப்பிக்குள் மறைத்து வைத்தார்கள். நோயாளிகள் நூற்றுக்கு 97 வேளை போட்டதாகச் சொன்னார்கள். கருவி காட்டியது 76. மருத்துவரைப் பார்க்கும் முந்தைய நாள் மட்டும் ஏறத்தாழ எல்லாரும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். இந்தக் கடைசி விஷயம் மிகவும் முக்கியமானது. அப்பாயிண்ட்மென்ட்டுக்குச் சில நாள் முன்பு மட்டும் சரியாகப் போட்டால் அன்று அழுத்தம் நன்றாகவே இருக்கும். மருத்துவரின் அட்டையில் 17 என்று பதியும். நடுவில் நாலு மாதம் கண்ணுக்குள் 25 இருந்தது யாருக்கும் தெரியாது.

சொட்டை நிறுத்துவதற்கு மறதிக்கு அடுத்த காரணம் பக்கவிளைவு. லட்டானோபுரோஸ்ட் வகைகள் கண்ணைச் சிவக்க வைக்கும். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து பிறகு தணியும். இமைமயிர் நீண்டு தடிக்கும், இமையைச் சுற்றிய தோல் கறுக்கும். ஆண்டுக்கணக்கில் போடும்போது கண்ணைச் சுற்றிய கொழுப்பு கரைந்து கண் உள்வாங்கியதுபோல் தெரியலாம். ஒரு கண்ணில் மட்டும் போடுபவருக்கு இது எடுப்பாகத் தெரியும். வழியும் மருந்தை உடனே துடைத்துவிட்டால் தோல் கறுப்பது குறையும். இவை அழகைக் கெடுக்கலாம், ஆனால் கண்ணைக் கெடுப்பதில்லை.

டிமோலோல் வேறு ரகம். பார்க்கச் சாதுவான இந்தச் சொட்டு ரத்தத்தில் கலந்தால், இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைபோலவே வேலை செய்யும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்பு குறைவாக உள்ளவருக்கும், ரத்த அழுத்தத்துக்கு பிசோபுரோலோல், அட்டெனோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் தலைசுற்றலும் சோர்வும் வரலாம். சர்க்கரை அதிகம் காணப்படும் மலேசிய இந்தியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு: சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் அடையாளமாக மிஞ்சும். ஆகவே கண் மருத்துவரிடம் போகும்போது மற்ற மாத்திரைகளையும் பையில் கொண்டுபோக வேண்டும். சுகாதாரக் கிளினிக்கில் உள்ள டாக்டரிடமும் கண்ணுக்கு என்ன சொட்டு என்று காட்ட வேண்டும். கண் சொட்டை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் விடுவது மிகப் பொதுவான தவறு.

பிரிமோனிடின் பல மாதம் ஒத்துப்போய்விட்டுப் பிறகு திடீரென்று அரிப்பும் கடும் சிவப்பும் கொடுக்கலாம். அது ஒவ்வாமை, மாற்றியாக வேண்டும். சிலருக்கு வாய் உலரும், தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவர் சொல்லிவிட வேண்டும். டோர்சோலமைடு எரியும், வாயில் கசக்கும். எல்லாச் சொட்டிலும் வரும் மணல் உறுத்தல், கண்ணீர் வடிதல் ஆகியவற்றுக்குக் காரணம் பல வேளைகளில் மருந்தல்ல, கிருமி சேராமல் இருக்கக் கலக்கும் பாதுகாப்புப் பொருள். அது இல்லாத சொட்டும், இரண்டு மருந்தை ஒரே குப்பியில் சேர்த்த சொட்டும் உண்டு. சொட்டே ஒத்துவராதவர்களுக்கு வடிகால் சல்லடையில் செய்யும் லேசர் ஒரு வழி. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் முதல் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மூன்று ஆண்டுவரை சொட்டே தேவைப்படவில்லை. ஆக, பக்கவிளைவைச் சொன்னால் மாற்று இருக்கிறது. சொல்லாமல் தானே நிறுத்திக்கொள்வதற்குத்தான் மாற்று கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்டீராய்டு மருந்து கண் அழுத்தத்தை ஏற்றும். சிவந்த கண்ணுக்கென்று வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டை மாதக்கணக்கில் போடுவது ஒரு வழி. இன்னொன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்கும் ஜாமு மாத்திரை. இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. ‘இரண்டே நாளில் வலி பறந்தது’ என்று சொல்லப்படும் எந்த மாத்திரையையும் குளுக்கோமா உள்ளவர் கண் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடக் கூடாது.

பார்வைப் பரப்புச் சோதனையை ‘பட்டன் அமுக்கும் டெஸ்ட்’ என்பார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் ஒரு கண்ணால், நடுவில் உள்ள மஞ்சள் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் ஒளிப்புள்ளி மின்னும்போது பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பின் ஆகும். வழக்கமான 24-2 முறையில் 54 இடங்களில் எவ்வளவு மங்கலான ஒளிவரை கண் பிடிக்கிறது என்று கருவி தேடுகிறது. அப்படித் தேடுவதால்தான் நல்ல கண்ணுக்கும் ஏறத்தாழ பாதிப் புள்ளிகள் தெரியாமல் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெரியவில்லையே என்று பதறி, ஒளியைத் தேடிக் கண்ணை உருட்டுவதும், குத்துமதிப்பாக அமுக்குவதும் சோதனையைக் கெடுக்கின்றன. இமைக்கலாம், களைத்தால் பட்டனை அமுக்கியபடியே பிடித்தால் கருவி நிற்கும். சொல்வது புரியவில்லையென்றால் தொடங்கும் முன்பே தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வரும் தாளில் முதலில் பார்க்க வேண்டியது கறுப்புப் படத்தை அல்ல, அன்றைய சோதனை நம்பத்தக்கதா என்பதை. நடுவிளக்கை விட்டுக் கண் நகர்ந்தது 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, ஒளியே இல்லாதபோது அமுக்கியது 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ அந்தத் தாளை ஒதுக்கி வைப்பதே சரி. அடுத்து MD என்ற எண். அந்த வயதுக்குரிய நல்ல பார்வையிலிருந்து கண் சராசரியாக எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அது டெசிபெல்லில் சொல்கிறது. சுழியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. −6 வரை தொடக்கநிலை, −12 வரை நடுநிலை, அதற்கும் கீழே முற்றிய நிலை என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். VFI என்பது மீந்திருக்கும் பார்வைப் பரப்பை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் எண். கண்ணில் புரை வளர்ந்தாலும் MD இறங்கும். அப்போது எல்லா இடமும் ஒன்றுபோல மங்கும். குளுக்கோமா இழப்பு குறிப்பிட்ட இடங்களில் குழி விழுந்தாற்போல் இருக்கும். ஒரே தாளை வைத்து நோய் முற்றியது என்றோ நின்றது என்றோ சொல்ல முடியாது. அதே இடம் இரண்டு மூன்று சோதனைகளில் தொடர்ந்து கெட்டால்தான் அது உண்மையான மாற்றம்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற, 62 வயதுப் பெண்ணின் வலது கண் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 26. மூன்றில் ஒரு பங்கு இறக்கி 18க்குள் வைப்பது என்று இலக்கு குறித்து, இரவில் லட்டானோபுரோஸ்ட் தொடங்குகிறார்கள். முதல் சோதனையில் MD −6.8. இரண்டு மாதம் கழித்து −4.3. கண் தேறிவிடவில்லை, சோதனையை எப்படிச் செய்வதென்று அவர் பழகியிருக்கிறார். அதனால் இரண்டாவதே அடிப்படைத் தாள். எட்டாம் மாதம் −4.5. பதினாலாம் மாதம் −6.1 என்று வருகிறது. ஆனால் முந்தைய இரவு உறக்கமில்லை, கண் நகர்ந்தது 30 விழுக்காடு. ஒரு மாதத்தில் மறுபடி எடுக்க, −4.7. இதுவரை கவலைக்கு இடமில்லை. இருபத்துநாலாம் மாதம் −5.6, முப்பதாம் மாதம் −6.2, இரண்டும் நம்பத்தக்க தாள்கள், இரண்டிலும் மூக்குப் பக்கத்தில் அதே புள்ளிகள் கெட்டிருக்கின்றன. அடிப்படைத் தாளிலிருந்து 28 மாதத்தில் 1.9 டெசிபெல், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.8. இந்த வேகத்தில் போனால் இன்னும் இருபது ஆண்டில் −22ஐத் தொடும். அது பிறர் கைபிடித்து நடக்கும் நிலை.

ஆனால் கிளினிக்கில் அளந்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் 17, 18 என்றே இருக்கிறது. மருத்துவருக்கு இரண்டு வழி தோன்றும்: 18 போதவில்லை, இன்னொரு சொட்டு சேர்க்கலாம், அல்லது அறுவைக்கு அனுப்பலாம். மருந்தகப் பதிவைப் பார்த்தால் கடந்த ஓராண்டில் 13 குப்பிக்குப் பதில் 8 குப்பிதான் வாங்கப்பட்டிருக்கிறது. கேட்டால், கண் சிவந்திருப்பதை ஊரார் கேட்கிறார்கள் என்பதால் விசேஷ நாட்களில் நிறுத்திவிடுவதாகவும், டாக்டரைப் பார்க்கும் வாரத்தில் ஒழுங்காகப் போடுவதாகவும் தெரிகிறது. இப்போது முடிவு தலைகீழாக மாறுகிறது. கூடுதல் சொட்டு தேவையில்லை. பாதுகாப்புப் பொருள் இல்லாத சொட்டுக்கு மாற்றுகிறார்கள், அதுவும் ஒத்துவராவிட்டால் லேசர். முப்பத்தாறாம் மாதம் −6.3, நாற்பத்திரண்டாம் மாதம் −6.1. இறக்கம் நின்றுவிட்டது. போன 1.9 திரும்பவில்லை, திரும்பவும் செய்யாது.

இங்கே நோயாளி உண்மையைச் சொன்னதே சிகிச்சையின் பெரும்பகுதி. அதே தாள்கள், அதே அழுத்தம்; குப்பிக் கணக்கு மறைந்திருந்தால் அவர் தேவையில்லாத அறுவைக்குப் போயிருப்பார். சொட்டை ஒழுங்காகப் போட்டும் பரப்பு இறங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு இலக்கு அழுத்தத்தை இன்னும் கீழே கொண்டுபோக வேண்டும், அறுவையும் தேவைப்படலாம். இரு சாராரையும் பிரித்தறிய மருத்துவருக்கு உள்ள வழி குப்பிக் கணக்கும் நோயாளியின் நேர்மையான பதிலும்தான். ஆகவே அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்டு வர வேண்டும்: என் இலக்கு அழுத்தம் எவ்வளவு, என் MD ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது, கடைசித் தாளின் நகல் கிடைக்குமா. போன அப்பாயிண்ட்மென்ட்டிலிருந்து எத்தனை இரவு சொட்டு விடுபட்டது என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டில் உடன்பிறந்தவர்களும், நாற்பதைத் தாண்டிய பிள்ளைகளும் இருந்தால் அவர்களையும் பார்வை நரம்புச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குளுக்கோமா உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.